‘சமீபத்தில்’ என்றால் எப்போதிலிருந்து?

ஒரு கேள்வியைப் பாருங்கள். “சமீபத்தில் உங்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் மருத்துவமனைக்குப் போனீர்களா? எவ்வளவு செலவானது?”

படித்தவுடன் குறை எதுவும் தெரியாது. நல்ல தமிழ், எளிய சொற்கள், பாமரருக்கும் புரியும். மாவட்டத் தலைநகரில் ஒரு வார்டில் வீடு வீடாகப் போய்க் குடும்பங்களின் மருத்துவச் செலவைக் கணக்கெடுக்க இப்படி ஒரு கேள்வித்தாள் தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மாமியார் பதில் சொல்கிறார். போன வாரம் பேரனுக்குக் காய்ச்சல் வந்து தெருமுனை டாக்டரிடம் காட்டியது அவருக்கு நினைவுக்கு வருகிறது. “முந்நூறு ரூபாய் ஆச்சுங்க” என்கிறார். அதே வீட்டில் மகன் இருந்திருந்தால் எட்டு மாதத்துக்கு முன்னால் அப்பாவுக்குச் செய்த கண்புரை அறுவை சிகிச்சையைச் சொல்லியிருப்பார். மருமகள் இருந்திருந்தால், “அப்படி ஒண்ணும் பெருசா இல்லீங்க” என்று முடித்திருப்பார். காய்ச்சலையெல்லாம் அவர் நோய்க் கணக்கில் சேர்ப்பதே இல்லை. மூவருமே பொய் சொல்லவில்லை. கேள்வி ஒன்றுதான், அது மூன்று பேர் காதில் மூன்று கேள்வியாக விழுந்திருக்கிறது.

இந்த மாதிரிக் கேள்வியைக் களத்துக்கு அனுப்பும் முன்பே, மேசையிலேயே பிடித்துவிட ஒரு முறை இருக்கிறது. கணக்கெடுப்புத் துறையில் அதை நிபுணர் ஆய்வு என்கிறார்கள். கேள்வித்தாள் எழுதுவதில் பழகிய இரண்டு மூன்று பேர், கையில் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியாக எடுத்துச் சந்தேகப்படுவது. ஊர் மக்களிடம் கேட்டுப் பார்க்கும் முன்னோட்டச் சோதனை அதற்குப் பிறகுதான் வர வேண்டும்.

‘முன்னோட்டத்தில்தான் எல்லாம் தெரிந்துவிடுமே, அதற்கு முன் இன்னொரு சடங்கு எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. முன்னோட்டத்தில் தெரியாது என்பதுதான் சிக்கல். தெளிவில்லாத கேள்விக்கும் மக்கள் பதில் சொல்லிவிடுகிறார்கள். “எனக்குப் புரியவில்லை” என்று சொல்வதைவிட, புரிந்தவரையில் ஒரு பதிலைச் சொல்லி வந்தவரை அனுப்பிவைப்பது எல்லாருக்கும் சுலபம். சந்தேகம் கேட்கும் ஒருவர் இருவரையும் கணக்கெடுப்பாளர் அங்கேயே சமாளித்துவிடுவார். “சமீபத்துலன்னா, ஒரு மூணு மாசம்னு வச்சுக்குங்க” என்பார். அடுத்த தெருவில் வேலை பார்க்கும் இன்னொருவர், “இந்த ஒரு வருஷத்துலங்க” என்பார். மாலையில் இருவரும் கொண்டுவரும் தாள்களில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும். “எப்படிம்மா போச்சு?” என்று மேற்பார்வையாளர் கேட்டால், “நல்லா போச்சு சார், யாரும் தகராறு பண்ணல” என்றுதான் பதில் வரும். பிழை அந்த எண்களுக்குள்ளே உட்கார்ந்திருக்கும், வெளியே தெரியாது.

அமெரிக்காவின் மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டான்லி பிரெஸ்ஸரும் ஜானி பிளேரும் 1994-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. ஒரே கேள்வித்தாளை நான்கு வழிகளில் பரிசோதித்தார்கள். வழக்கமான முன்னோட்டம் ஒன்று. நேர்காணல்களைக் கவனித்துக் கேட்பவர், சொல்பவர் இருவரின் நடத்தையையும் குறித்து வைப்பது இன்னொன்று. பதில் சொல்பவரிடம், “இந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?” என்று துருவிக் கேட்பது மூன்றாவது. நிபுணர் குழு நான்காவது. சராசரியாக அதிகக் குறைகளைக் கண்டுபிடித்தது நிபுணர் குழுதான். செலவு குறைவானதும் அதுவே. வழக்கமான முன்னோட்டம், கேள்வி கேட்பவருக்கு ஏற்படும் சிரமங்களைக் காட்டியது. வாசிக்க நாக்கு குழறுகிறது, அடுத்து எந்தக் கேள்விக்குத் தாவுவது என்று புரியவில்லை என்பது போன்றவை.

நிபுணர் என்றால் யார்? பேராசிரியர் மட்டும் அல்ல. கேள்வித்தாள் வடிவமைத்துப் பழகியவர் ஒருவர், பொருளை அறிந்தவர் ஒருவர், களத்தில் பல வருடம் மேற்பார்வை செய்தவர் ஒருவர் என்று மூவர் சேர்ந்தால் நல்ல குழு. மேலே சொன்ன கேள்விக்குச் சுகாதாரத் துறையில் வேலை செய்த ஒருவர் அவசியம். ஆனால் என் பார்வையில், இந்த மூவரில் விட்டுக்கொடுக்கக் கூடாதவர் களத்து மேற்பார்வையாளர்தான். எந்தச் சொல்லுக்கு எந்தத் தெருவில் என்ன பொருள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

வெறுமனே “படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்” என்று நிபுணரிடம் கொடுத்தால் என்ன ஆகும்? எழுத்துப்பிழையைத் திருத்துவார், ஒரு வாக்கியத்தை அழகுபடுத்துவார், “நன்றாக வந்திருக்கிறது” என்று திருப்பிக் கொடுப்பார். விஷயம் தெரிந்தவருக்குக் கேள்வி கேட்டவர் மனதில் இருப்பது தானாகவே புரிந்துவிடும். புரிந்துவிடுவதால் ஓட்டை கண்ணில் படாது. அதனால்தான் பட்டியல் தேவைப்படுகிறது. அவர் இயல்பாகக் கேட்டுக்கொள்ளாத கேள்விகளை அது அவரைக் கேட்கவைக்கிறது.

இந்தப் பட்டியல்களில் நன்கு அறியப்பட்டது, கார்டன் வில்லிஸும் ஜூடித் லெஸ்லரும் 1999-இல் அமெரிக்காவின் ரிசர்ச் டிரையாங்கிள் நிறுவனத்தில் உருவாக்கிய கொஸ்டின் அப்ரைசல் சிஸ்டம். வெளியான வருடத்தைச் சேர்த்துச் சுருக்கமாகக் கியூ.ஏ.எஸ்.-99 என்பார்கள். அதில் எட்டுப் படிகள். கேள்வியை உரக்க வாசிக்க முடிகிறதா என்பதில் தொடங்கி, முன்குறிப்புகள், தெளிவு, கேள்வி தானாகவே எடுத்துக்கொள்ளும் ஊகங்கள், பதில் சொல்பவரின் அறிவும் நினைவும், கூச்சமும் சாய்வும், பதில் கட்டங்கள் என்று போய், ‘மற்றவை’ என்பதில் முடிகிறது. ஒவ்வொரு படியிலும் சில சின்னக் கேள்விகள் இருக்கும். ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று வட்டமிட வேண்டும். ‘ஆம்’ என்றால் சிக்கல் இருக்கிறது என்று பொருள். அப்படி வட்டமிட்டால் என்ன சிக்கல் என்பதையும் எழுத வேண்டும்.

நமக்கு இங்கே வேண்டியது மூன்றாம் படியான தெளிவு. அதற்குள் நான்கு கிளைகள். வாக்கியம் நீளமாகவோ இலக்கணம் சிக்கியோ இருக்கிறதா? துறைச்சொல் விளக்கமில்லாமல் வந்திருக்கிறதா? எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று பல விதமாகப் பொருள்கொள்ள இடமிருக்கிறதா? காலவரம்பு இல்லாமல் இருக்கிறதா, சரியாக வரையறுக்கப்படாமல் இருக்கிறதா, முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறதா?

நம் மருத்துவச் செலவுக் கேள்வியை இந்த நான்கின் மேல் வைத்துப் பார்ப்போம். முதல் இரண்டில் அது சுலபமாகத் தேறிவிடும். வாக்கியம் சின்னது, துறைச்சொல் ஒன்றுகூட இல்லை. மூன்றாவது கிளையில்தான் மாட்டிக்கொள்கிறது.

‘உங்கள் வீட்டில்’ என்பதை முதலில் எடுங்கள். சென்னையில் வேலை பார்த்து மாதம் ஒருமுறை வந்துபோகும் மகன் இந்த வீட்டில் சேர்த்தியா? பிரசவத்துக்கு வந்து தங்கியிருக்கும் மகள்? மாடியில் தனிச் சமையல் வைத்திருக்கும் தம்பி குடும்பம்? இந்தியாவின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் குடும்பம் என்பதற்கு நெடுங்காலமாக ஒரு வரையறை உண்டு: வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். அடுப்பு என்பது யார் கண்ணுக்கும் தெரியும் அடையாளம், அதனால் தகராறு குறைவு. இந்த வரையறை கேள்வித்தாளில் எங்கேயும் இல்லையென்றால், தம்பி குடும்பத்தின் செலவைச் சேர்ப்பதும் விடுவதும் பதில் சொல்பவரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

அடுத்தது ‘மருத்துவமனை’. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை சரி. ஆரம்ப சுகாதார நிலையம்? தெருமுனை கிளினிக்? மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கிய இரண்டு மாத்திரை? சித்த வைத்தியர்? கடையில் மாத்திரை வாங்கியதை மருத்துவமனைக்குப் போனதாக யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஏழைக் குடும்பத்தில் மருந்துக்கான செலவில் கணிசமான பங்கு அந்தக் கடையில்தான் போகிறது என்றால், இந்தக் கேள்வி அந்தப் பங்கை மொத்தமாகத் தவறவிட்டுவிடும்.

‘செலவு’ இன்னும் வழுக்கலானது. டாக்டர் ஃபீஸ் மட்டுமா? ஆட்டோ வாடகை, கூட இருந்தவர் ஓட்டலில் சாப்பிட்டது, மூன்று நாள் கூலி போனது எல்லாம் சேருமா? முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையைக் காட்டிச் சிகிச்சை பெற்றவர், திட்டம் கட்டிய தொகையைச் சொல்வாரா, தன் கையிலிருந்து போனதைச் சொல்வாரா? தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் சுகாதாரச் சுற்றுகளில் மருத்துவச் செலவு தனி, போக்குவரத்து முதலிய மற்றச் செலவு தனி, காப்பீட்டிலிருந்து திரும்ப வந்தது தனி. மூன்றையும் ஒரே எண்ணாகக் கேட்டால், வந்த எண் எதன் எண் என்று யாராலும் பிறகு பிரித்தெடுக்க முடியாது.

எளிய சொல்லும் இப்படி ஏமாற்றும் என்பதை அமெரிக்கக் கணக்கெடுப்பு ஆய்வாளர் ஃபிளாய்ட் ஃபவுலர் 1992-இல் காட்டினார். வாரத்தில் எத்தனை நாள் வெண்ணெய் சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு கேள்வி. அதைவிட எளிமையாக எழுத முடியாது. ஆனால் மார்ஜரின் எனப்படும் செயற்கை வெண்ணெயைச் சிலர் சேர்த்தார்கள், சிலர் விட்டார்கள். மார்ஜரினைச் சேர்க்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிக் கேட்டதும் பதில்கள் கணிசமாக மாறின.

இனி காலவரம்பு. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு தேதியைப் போட்டால் தீர்ந்தது போலத் தோன்றும். ஆனால் எனக்குத் தெரிந்தவரை, கேள்வித்தாள்களில் அதிகம் கவனிக்கப்படாமல் போவது இதுதான்.

மூன்று வகைக் கோளாறு என்று பட்டியல் சொல்கிறது. முதல் வகை, வரம்பே இல்லாதது. நம் ‘சமீபத்தில்’ அதைச் சேர்ந்தது. ‘இப்போதெல்லாம்’, ‘அடிக்கடி’, ‘வழக்கமாக’ எல்லாமே இதே இனம். காலம் சொல்வது போல ஒலிக்கும், காலம் எதுவும் சொல்லாது.

இரண்டாவது வகை, வரம்பு இருக்கிறது, ஆனால் அதன் இரு முனைகளும் எங்கே என்று தெரியாது. ‘போன மாதம்’ என்று கேட்கிறோம், கணக்கெடுப்பாளர் நவம்பர் 18 அன்று வீட்டுக்குப் போகிறார். சம்பளக்காரர் அக்டோபர் 1 முதல் 31 வரை என்று எடுத்துக்கொள்வார். இன்னொருவர் அக்டோபர் 18-லிருந்து நேற்று வரை என்று கணக்கிடுவார். வயதான ஒருவருக்கு ஐப்பசிதான் போன மாதம். ‘இந்த வருடம்’ என்பதோ இன்னும் மோசம். ஆங்கில வருடம், தமிழ் வருடம், கணக்கு வழக்கு பார்ப்பவரின் ஏப்ரல் முதல் மார்ச், பிள்ளைகள் படிக்கும் வீட்டில் ஜூன் முதல் என்று நான்கு நாட்காட்டிகள் ஒரே தெருவில் ஓடுகின்றன. போதாததற்கு, ஜனவரியில் கேட்டால் ‘இந்த வருடம்’ என்பது சில நாள், டிசம்பரில் கேட்டால் ஏறக்குறைய ஒரு முழு வருடம். கணக்கெடுப்பு பல மாதம் நடந்தால், முதலில் போன வீட்டுக்கும் கடைசியில் போன வீட்டுக்கும் செலவு ஒப்பிடவே முடியாது.

மூன்றாவது, முரண். கேள்வியில் ‘கடந்த 15 நாட்களில்’ என்று இருக்கும். பதில் கட்டங்களில் ‘தினமும்’, ‘வாரம் ஒருமுறை’, ‘மாதம் ஒருமுறை’ என்று அச்சிட்டிருப்பார்கள். 15 நாளுக்குள் மாதம் ஒருமுறை எப்படி நடக்கும்? வேறொரு கேள்வித்தாளிலிருந்து கட்டங்களை அப்படியே எடுத்து ஒட்டியதன் அடையாளம் இது. அல்லது ஒரு பகுதியின் தலைப்பில் ‘கடந்த 12 மாதங்கள்’ என்று போட்டுவிட்டு, உள்ளே நான்காவது கேள்வி ‘கடந்த மாதம்’ என்று மாறும். பதில் சொல்பவர் அந்த மாற்றத்தைக் கவனிக்கமாட்டார். முன்னாலிருந்த 12 மாதத்திலேயே இருப்பார்.

காலவரம்பைத் தெளிவாகக் குறித்தாலும் போதாத இடங்கள் உண்டு. “வாரத்தில் எத்தனை நாள் கடலுக்குப் போவீர்கள்?” என்று நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ விசைப்படகு மீனவரிடம் கேட்டால் என்ன சொல்வார்? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் பதில் பூஜ்யம். மற்ற நாட்களில் வேறு. எந்த வாரத்துக்குப் பதில் சொல்வது? வாழ்க்கை எல்லா வாரமும் ஒரே மாதிரி ஓடுகிறது என்று கேள்வி தானாகவே எடுத்துக்கொள்வதைப் பட்டியல் நான்காம் படியில், ஊகங்கள் என்ற தலைப்பில் பிடிக்கிறது. கூலி வேலை, விவசாயம், பட்டாசு, உப்பளம் என்று பருவத்தை நம்பிய எந்தத் தொழிலிலும் இந்தப் படியைத் தாண்டக் கூடாது.

சரி, எத்தனை நாள் வரம்பு வைப்பது? நினைவு இரண்டு விதமாகச் சதி செய்கிறது. சின்ன விஷயம் மறந்துபோகும். பெரிய விஷயமோ இருந்த இடத்தைவிட அருகில் வந்து நிற்கும். ஒன்றரை வருடத்துக்கு முன் நடந்த அறுவை சிகிச்சையைப் ‘போன வருஷம்தான்’ என்று சொல்லி 12 மாதக் கணக்குக்குள் கொண்டுவந்துவிடுவோம். ஜான் நீட்டரும் ஜோசப் வாக்ஸ்பெர்க்கும் அமெரிக்கக் குடும்பங்களின் வீட்டுப் பழுதுபார்ப்புச் செலவுகளை வைத்து 1964-இல் இதை விரிவாக எழுதினார்கள். அவர்கள் கண்ட தீர்வு, ஒரே வீட்டுக்கு இரண்டு முறை போவது. முதல் முறை சொன்ன செலவுகள் குறித்து வைக்கப்படும். இரண்டாம் முறை கேட்கும்போது அவற்றை நினைவூட்டி, மறுபடி சேராமல் பார்த்துக்கொள்வார்கள். எல்லாக் கணக்கெடுப்புக்கும் இரண்டு முறை போகப் பணம் இருக்காது. அப்போது ஒரு திருவிழாவையோ பள்ளி திறந்த நாளையோ சொல்லி எல்லையை நட்டுக்கொள்வது நடைமுறை வழி.

2017-18-இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75-ஆவது சுற்று, நோயைப் பற்றிக் கேட்டபோது இரண்டு வரம்புகளை வைத்தது. சாதாரண நோய்க்குக் கடந்த 15 நாள். மருத்துவமனையில் சேர்ந்ததற்குக் கடந்த 365 நாள். காரணம் எளிது. சளி, காய்ச்சல் எல்லார் வீட்டிலும் வரும், சீக்கிரம் மறக்கும், எனவே குறுகிய வரம்பு. மருத்துவமனையில் படுப்பது அபூர்வம், மறக்காது. 15 நாள் மட்டும் கேட்டால் போதுமான வீடுகள் கிடைக்காது, எனவே நீண்ட வரம்பு. நம் கேள்வி இரண்டையும் ஒரே ‘சமீபத்தில்’ என்ற சொல்லுக்குள் திணித்திருந்தது.

வரம்பின் நீளம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு கதை உண்டு. குடும்பங்கள் சாப்பாட்டுக்கு எவ்வளவு செலவழிக்கின்றன என்பதைத் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு ‘கடந்த 30 நாள்’ என்று கேட்டுவந்தது. 1990-களின் நடுவில் சில சுற்றுகளில், குடும்பங்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவிடம் வழக்கம் போல 30 நாளும், மறு பிரிவிடம் உணவுக்கு 7 நாளும், துணிமணி போன்றவற்றுக்கு 365 நாளும் கேட்டுப் பார்த்தார்கள். புதிய முறையில் கேட்ட வீடுகளின் செலவு அதிகமாக வந்தது. செலவு அதிகமென்றால் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் குறைவு. கேள்வித்தாள் மாறியதாலேயே ஏழைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகத் தெரிந்தது. யார் வீட்டிலும் ஒரு பிடி சோறு கூடவில்லை.

பிறகு 1999-2000-இல் நடந்த 55-ஆவது சுற்றில், உணவுக்கு 7 நாள், 30 நாள் இரண்டையும் ஒரே வீட்டில், ஒரே தாளில், பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் கேட்டார்கள். இப்படிக் கேட்டால் பதில் சொல்பவரோ கணக்கெடுப்பாளரோ இரண்டையும் மனதுக்குள் ஒத்துப்போகச் செய்துவிடுவார்கள் என்று எதிர்ப்பு எழுந்தது. ஏழு நாளுக்கு 500 ரூபாய் என்று சொன்ன வாய், 30 நாளுக்கு 1,500 என்று சொல்லத் தயங்கும், 2,000-க்கு மேல் சொல்லும். அந்தச் சுற்றின்படி அரசு அறிவித்த வறுமை விகிதம் 26.1 சதவீதம். 1993-94-இல் அது ஏறக்குறைய 36 சதவீதம். குறைந்தது எவ்வளவு உண்மை, எவ்வளவு கேள்வித்தாளின் வேலை என்று ஆங்கஸ் டீட்டன் முதலிய பொருளாதார அறிஞர்கள் வருடக்கணக்கில் விவாதித்தார்கள். கேட்கும் முறை மாறிவிட்டதால் பழைய எண்ணோடு புதிய எண்ணை நேராக ஒப்பிடவே முடியாமல் போனதுதான் அதில் பெரிய நஷ்டம்.

இந்த இடத்தில் பட்டியலின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். வரம்பு இல்லை, தெளிவில்லை, முரண் இருக்கிறது என்பதை அது பிடிக்கும். 7 நாள் சரியா, 30 நாள் சரியா என்று அதனால் சொல்ல முடியாது. அதற்கு மேலே சொன்னது போல வீடுகளைப் பிரித்துக் கேட்டுப் பார்க்கும் சோதனைதான் வழி.

இன்னொரு குறை, பட்டியல் எதையும் சும்மா விடாது. 2001-இல் அமெரிக்காவில் ஜெனிஃபர் ராத்கெப், வில்லிஸ், பார்பரா ஃபோர்சித் ஆகியோர் மூன்று முறைகளை மூன்று நிறுவனங்களில் ஒப்பிட்டபோது, இந்தப் பட்டியல் ஏறக்குறைய எல்லாக் கேள்வியிலும் ஏதோ ஒரு குறையைக் கண்டுபிடித்தது. எல்லாக் கேள்விக்கும் சிவப்பு மை என்றால் எதைத் திருத்துவது? அதனால்தான் வட்டமிட்டால் மட்டும் போதாது, காரணமும் எழுத வேண்டும். ‘தெளிவில்லை’ என்று எழுதுவது வீண். ‘மாடியில் தனி அடுப்பு வைத்திருக்கும் தம்பியின் செலவைச் சிலர் சேர்ப்பார்கள், மொத்தம் இரட்டிப்பாகும்’ என்று எழுதினால் அது பயன்படும் குறிப்பு. யாருக்கு, எந்த நிலையில், பதில் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாத குறையைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிடலாம்.

ஆய்வாளர்கள் முதலில் தனித்தனியாக உட்கார்ந்து குறித்துவிட்டுத்தான் கூடிப் பேச வேண்டும். முதலிலேயே கூடிவிட்டால் அதில் மூத்தவர் சொன்னதுதான் குறிப்பாகும். தனியாகக் குறித்தால் ஒருவர் கண்டது இன்னொருவர் கண்ணில் படாமல் போயிருக்கும், அதைக் கண்டு சோர வேண்டாம். ஒவ்வொருவர் கண்ணும் வேறு என்பதால்தான் மூன்று பேர்.

நம் கேள்வி திருத்தி எழுதப்பட்டால் எப்படி இருக்கும்? முதலில் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு பெயராகச் சொல்லி, “போன வருடம் நவம்பர் 18-ஆம் தேதியிலிருந்து நேற்று வரை, இவர் ஏதாவது ஒரு மருத்துவமனையில் ஓர் இரவாவது தங்கிச் சிகிச்சை எடுத்தாரா?” என்று கேட்கலாம். நன்றாக இருக்கிறது. ஆனால் திருத்திய கேள்வியையும் மறுபடி பட்டியலில் போட்டுப் பார்க்க வேண்டும். போட்டால், களத்து மேற்பார்வையாளர் இங்கே கையைத் தூக்குவார்: “சார், கண்புரைக்குக் காலையில சேர்த்துச் சாயங்காலம் அனுப்பிடுறாங்களே, அது வராதே?” ‘ஓர் இரவாவது’ என்ற துல்லியமான சொல்லே பெரிய செலவொன்றை வெளியே தள்ளியிருக்கும். எனவே, “பெட்டில் சேர்த்துச் சிகிச்சை எடுத்தாரா? காலையில் சேர்த்து மாலையில் அனுப்பியிருந்தாலும் சொல்லுங்கள்” என்று மாற வேண்டும்.

சாதாரண நோய்க்குத் தனிக் கேள்வி: “இந்த மாதம் 3-ஆம் தேதி முதல் நேற்று 17-ஆம் தேதி வரை, இந்த 15 நாளில் இவருக்குக் காய்ச்சல், வலி, வயிற்றுப்போக்கு என்று ஏதாவது உடம்புக்கு வந்ததா? டாக்டரிடம் போகாமல் கடையில் மாத்திரை வாங்கியிருந்தாலும் சொல்லுங்கள்.” தேதிகளைக் கணக்கெடுப்பாளர் அன்றன்று காலையில் தாளின் மேல் எழுதிக்கொள்வார். அதற்குப் பிறகு செலவு: டாக்டர், மருந்து, பரிசோதனை, படுக்கை ஒரு பக்கம், போக்குவரத்தும் சாப்பாடும் இன்னொரு பக்கம், காப்பீடு கட்டியது போகக் கையிலிருந்து கொடுத்தது எவ்வளவு என்பது தனியாக.

ஒரு கேள்வி இருந்த இடத்தில் இப்போது அரைப் பக்கம். இதற்கு விலை உண்டு. நேரம் அதிகமாகும், அடுப்பில் பால் இருக்கிறது என்று பாதியில் எழுந்து போகிறவர்கள் கூடுவார்கள். அதனால் எல்லாக் கேள்வியையும் இந்த அளவுக்கு விரிக்க முடியாது, விரிக்கவும் கூடாது. கணக்கெடுப்பின் முடிவு எந்த நாலைந்து எண்களை நம்பி நிற்கிறதோ அவற்றுக்கு இந்த அரைப் பக்கத்தைக் கொடுத்துவிட்டு, மற்றவற்றில் சிலவற்றைத் துணிந்து வெட்டுவதுதான் சரியான கணக்கு. முன்னோட்டத்துக்கு ஆட்கள் கிளம்புவது இதற்குப் பிறகுதான். அப்போது முன்னோட்டமும் தன் வேலையைச் செய்யும்: வாசிக்க வருகிறதா, எவ்வளவு நேரம் பிடிக்கிறது, எங்கே ஆள் களைத்துப்போகிறார் என்பதைச் சொல்லும்.

அடுத்த முறை உங்கள் வாசலில் யாராவது அட்டையோடு வந்து நின்று, “சமீபத்தில்…” என்று தொடங்கினால், பதில் சொல்லும் முன் “எந்தத் தேதியிலிருந்து?” என்று கேளுங்கள். அவர் தாளைப் புரட்டித் தேதியைச் சொன்னால் நிம்மதியாகப் பதில் சொல்லலாம். “நீங்களே சுமாரா வச்சுக்குங்க” என்றால், உங்கள் சந்தேகத்தை அந்தக் கேள்வியின் ஓரத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.